பில் தேதியிலிருந்து நாற்பத்தைந்து நாள்

அண்ணன் எழுதிய மெயிலில் மொத்தம் ஏழு வரி. அதில் நாலு மிரட்டல், ஒன்று பீற்றல், ஒன்று பொய். மிச்சமிருந்த ஒரு வரி வணக்கம். அந்த வணக்கமும் முஷ்டியை மடக்கிக்கொண்டு சொன்ன மாதிரிதான் இருந்தது.

"இதக் கொஞ்சம் பாத்து அனுப்பிடு. எழுத்துப்பிழை இருந்தா மட்டும் திருத்து. சூடு குறையக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவன் மெஷின் ஷெட்டுக்குப் போய்விட்டான்.

அட்டைப்பெட்டி செய்கிற அந்தக் கம்பெனியில் அவளுக்குப் பேர் பர்ச்சேஸ் அக்கா. சரக்கு வாங்குவது, விலை பேசுவது, பில்லைச் சரிபார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கம்பெனி அண்ணனுடையது. வயதில் பெரியவனான அவன்கூட வேலை நேரத்தில் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். முதலில் கிண்டலுக்குத் தொடங்கியது, பிறகு வாயில் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மட்டும் அவள் தங்கச்சியாகிவிடுவாள்.

அவள் மெயிலை இன்னொரு தடவை படித்தாள்.

"எட்டு வருடமாக உங்களிடம்தான் அட்டை வாங்குகிறோம். ஒரு நாள்கூடத் தவணை தவறியதில்லை. இனிமேல் எங்களுக்கு அறுபது நாள் கடன் வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. உங்களை விட்டால் ஆளில்லை என்று நினைக்க வேண்டாம், மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். நாளை காலைக்குள் பதில் வராவிட்டால் வேறு முடிவு எடுப்போம்."

மூன்று பேர் வரிசையில் நிற்பதாவது, மண்ணாவது. போன வாரம் முழுக்க அவளே நாலு இடத்தில் விசாரித்துப் பார்த்தாள். ரெண்டு பேரிடம் அந்த ரக வெள்ளை அட்டையே இல்லை. ஒருவர் பணத்தை முதலில் வைத்துவிட்டு லாரியைக் கேட்கச் சொன்னார். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். ஒரு சோப்புக் கம்பெனி ஒரு வருடத்துக்குப் பெட்டி கேட்டிருந்தது. கேட்டாலே நெஞ்சு நிறைகிற ஆர்டர். ஆனால் அவர்கள் பணம் தருவது பெட்டி போய்ச் சேர்ந்த அறுபதாம் நாள். அட்டைக் கம்பெனிக்கோ பதினைந்தாம் நாளே பணம் கட்டியாக வேண்டும். இடையில் ஏறக்குறைய ரெண்டு மாதம் கைக்காசைப் போட்டுத் தாங்க வேண்டும், கையில் அவ்வளவு காசு இல்லை. பாங்க் இனிமேல் ஒரு பைசா தராது. நாற்பத்தைந்து நாள் கிடைத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்று அவள் மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள். சோப்புக் கம்பெனிக்கு நாளை மதியத்துக்குள் சரி என்றோ முடியாது என்றோ சொல்ல வேண்டும்.

முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க அவள் எங்கேயும் போக வேண்டியதில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஷெட்டின் மூலையில், தார்ப்பாய் போர்த்திய புது மெஷின் நின்றுகொண்டிருந்தது. பெரிய ஆர்டர் வரும் என்று நம்பி வாங்கியது. வாங்கின கடனுக்கு ஈடாகப் பாங்கில் இருப்பது அவளுடைய வீட்டுப் பத்திரம். அவளும் புருஷனும் மகளும் குடியிருக்கிற வீடு. கையெழுத்துப் போடும்போது புருஷன் பேனாவை மூடிக்கொண்டே, "உங்கண்ணன நம்பிப் போடல, உன்ன நம்பித்தான் போடறேன்" என்றார். அதற்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை. மெஷின் ஓடாவிட்டால் தவணை கட்ட முடியாது, தவணை கட்டாவிட்டால் வீடு இல்லை. இதை மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்படியிருக்க, இந்த மெயிலையா அனுப்புவது?

அட்டைக் கம்பெனியில் இப்போது கடன் விஷயங்களை முடிவு செய்வது அதன் முதலாளியான பெரியவருடைய மருமகள். அண்ணன் அவளுக்கு வைத்திருக்கிற பேர் கறார் மருமகள். பெரியவர் காலத்தில் ஒரு காபியோடு முடிந்த பேச்சு, இப்போது எழுத்தில் வேண்டும், காரணத்தோடு வேண்டும். இந்த ஏழு வரியைப் படித்தால் அந்தப் பெண் என்ன செய்வாள்? "சந்தோஷம், அந்த மூணு பேர்கிட்டயே வாங்கிக்கோங்க" என்பாள். அண்ணன் ரோஷத்தில் இன்னும் ஏழு வரி எழுதுவான். அதோடு வீடு போச்சு.

மிரட்டலை அடித்தாள், பொய்யை அடித்தாள். பீற்றலை மட்டும் விட்டுவைத்தாள். ஒரு நாள்கூடத் தவணை தவறியதில்லை என்பது நல்ல ஆயுதமாயிற்றே. கடன் கேட்கிறவனுக்கு அதைவிட வேறென்ன சிபாரிசு? வரிக்குக் கீழே ஆதாரமும் வைக்கலாம் என்று தோன்றியது. அட்டைக் கம்பெனியின் கணக்கருக்குப் போன் செய்தாள். எட்டு வருடமாகப் பழகிய மனிதர், குரலிலேயே சிரிப்பு இருக்கும்.

"அண்ணே, நம்ம கணக்குல பாக்கி எதுவும் நிக்கலையே?"

"பாக்கி எதுவும் இல்லம்மா. போன சனிக்கிழமை வந்துருச்சு."

"தாமதமும் இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"தாமதம் இல்லன்னு எப்படிம்மா எழுதறது?" என்றார்.

"என்னண்ணே சொல்றீங்க? நாங்க ஒரு நாள் தவறினது இல்லையே."

"உங்க கணக்குல இல்ல. எங்க கணக்குல எல்லா பில்லும் லேட்டுதான். நாங்க பில் போட்ட தேதியிலிருந்து எண்றோம். நீங்க எதுலருந்து எண்றீங்க?"

அவள் யோசித்துப் பார்த்தாள். எதிலிருந்து எண்ணுகிறார்கள்? லாரி கேட்டுக்குள் வந்து, வாட்ச்மேன் பில்லின் முதுகில் முத்திரை குத்துகிற தேதியிலிருந்து. பில் போட்டு மூணு நாலு நாள் கழித்துத்தான் லாரியே வரும். அதிலிருந்து பதினைந்து நாள். அதற்கு மேல் அண்ணனுடைய சட்டம் ஒன்று உண்டு, பணம் சனிக்கிழமை மட்டும்தான் வெளியே போகும். பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமையானால், அடுத்த சனிக்கிழமைவரை பணம் பாங்கிலேயே தூங்கும். தொழிலைத் தொடங்கிய புதிதில் அண்ணன் கண்டுபிடித்த சாமர்த்தியம் இது. "வட்டியில்லாத கடன், எவனும் கேக்க மாட்டான்" என்று அவனே பெருமையாகச் சொல்லுவான். வருடக்கணக்காகச் செய்ததில் அது சாமர்த்தியம் என்பதே மறந்து, அதுதான் தேதி என்று ஆகிவிட்டது. அவளும் அப்படித்தான் நம்பினாள். அந்தப் பீற்றல் பொய்யாக எழுதப்பட்டதே இல்லை, அதுதான் கொடுமை.

"இங்க உங்களுக்குப் பேரே சனிக்கிழமைக்காரங்கதான்" என்று கணக்கர் சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பணம் வந்துரும்னு தெரியும். எந்த சனிக்கிழமைன்னுதான் தெரியாது."

"அது உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாண்ணே?"

"அட்டை தர்ற பேப்பர் மில்லுக்கு நாங்க தேதி தவறாமக் கட்டணுமே. நாள் கூடக் குறைய இருந்தாக்கூடப் பரவால்ல. எப்ப வரும்னு தெரியாம இருக்கறதுதான் தலைவலி. அப்புறம் நீங்க வாரத்துக்கு ஒரு சைஸ்ல அட்டை கேக்கறீங்க, நாங்க வெட்டின மிச்சம் கோடவுன்ல கெடக்கு."

நன்றி சொல்லிப் போனை வைத்தாள். நல்ல வேளை, மெயிலை அனுப்பவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அதை விளம்பரமும் செய்திருப்பார்கள்.

இப்போது புதிதாக எழுத உட்கார்ந்தாள். முதலில் வந்தது அழுகை. வீட்டுப் பத்திரம், பாங்க், மகள், தயவுசெய்து, உங்களைத்தான் நம்பியிருக்கிறோம் என்று பத்து வரி ஓடியபிறகு படித்துப் பார்த்தாள். படித்த அவளுக்கே சங்கடமாக இருந்தது. அண்ணனுடையது சட்டையைப் பிடிக்கிற மெயில் என்றால் இது காலைப் பிடிக்கிற மெயில். ரெண்டையும் படிக்கிறவர் முதலில் செய்வது ஓரடி பின்னால் போவதுதான். அந்தப் பெண்ணுக்கு இவளுடைய வீட்டைப் பற்றி என்ன கவலை? கவலைப்படத்தான் வேண்டுமா? அவளுக்கும் மில் இருக்கிறது, தேதி இருக்கிறது, மாமனார் இருக்கிறார். அந்த மருமகளின் மேஜையில் போய் உட்கார்ந்து படித்தால் என்ன தெரிய வேண்டும் என்று யோசித்தாள். ஏன் கேட்கிறார்கள், எதற்கு மட்டும் கேட்கிறார்கள், ஏமாந்தால் எவ்வளவு போகும், கொடுத்தால் எனக்கு என்ன. பத்து வரியையும் அழித்துவிட்டு அதை மட்டும் எழுதினாள்.

எழுதி முடித்தபோது அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"அனுப்பியாச்சா?"

"இன்னும் இல்ல. மாத்தி எழுதியிருக்கேன். ஒரு தடவ படி."

அவன் நின்றபடியே படித்தான்.

"வணக்கம். எங்களுக்கு ஒரு சோப்புக் கம்பெனியிலிருந்து ஒரு வருட ஆர்டர் வந்திருக்கிறது. அதற்கான வெள்ளை அட்டையை உங்களிடமே வாங்க விரும்புகிறோம். பெட்டி போய்ச் சேர்ந்த அறுபதாம் நாள்தான் அவர்கள் எங்களுக்குப் பணம் தருவார்கள். பதினைந்து நாள் தவணையில் இந்த ஆர்டரை எங்களால் தாங்க முடியாது. அதனால்தான் இந்தக் கோரிக்கை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதுவரை நாங்கள் பில் தேதியிலிருந்து எண்ணாமல், சரக்கு எங்கள் கேட்டுக்கு வந்த தேதியிலிருந்து எண்ணி, சனிக்கிழமைகளில் மட்டும் பணம் அனுப்பியிருக்கிறோம். அதனால் உங்களுக்குப் பணம் தாமதமாகவே வந்திருக்கிறது. அடுத்த பில்லிலிருந்து பில் தேதிதான் கணக்கு, எந்தக் கிழமையானாலும்.

எங்கள் யோசனை இது. இந்த ஆர்டருக்கான அட்டைக்கு மட்டும் பில் தேதியிலிருந்து நாற்பத்தைந்து நாள். மற்றவற்றுக்குப் பழைய பதினைந்து நாளே. இந்தக் கணக்கில் பாக்கி எப்போதும் மூன்று லோடைத் தாண்டாது, தாண்டினால் அடுத்த லோடை நீங்கள் நிறுத்திவிடலாம். ஒரு தவணை தவறினாலும் எல்லாம் பதினைந்து நாளுக்குத் திரும்பட்டும். எந்த வாரம் எவ்வளவு அட்டை வேண்டும் என்பதை மூன்று மாதத்துக்கு முன்கூட்டியே தருகிறோம். எல்லாம் ஒரே அளவு. மில்லில் மொத்தமாகச் சொல்லி வாங்கவும், வெட்டு மிச்சம் குறையவும் இது உதவும் என்று நினைக்கிறோம். அது தவறாக இருந்தால் சொல்லுங்கள்.

நாற்பத்தைந்து நாள் உங்களுக்கு முடியாது என்றால், எது முடியும் என்று சொல்லுங்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். நாங்கள் நாளை மதியம் சோப்புக் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குமுன் ஒரு வார்த்தை கிடைத்தால் பெரிய உதவி."

படித்து முடித்ததும் அவன் முகம் கறுத்தது.

"தங்கச்சி, உனக்குப் புத்தி இருக்கா?"

தங்கச்சி வந்துவிட்டாள் என்றால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"அறுபது கேக்கச் சொன்னா நாப்பத்தஞ்சு கேட்டிருக்க."

"நமக்கு வேண்டியது நாப்பத்தஞ்சு. அறுபதுன்னு கேட்டா அவங்க மூணு மாசம் கழிச்சு வரும்னு நெனச்சுப்பாங்க. நம்ம பேரு அங்க அப்படி இருக்கு."

"அது யாரு சொன்னா? லேட்டாக் கட்டினோம்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா? எட்டு வருஷமா அவங்களே கேக்கல. தூங்கற நாயைத் தட்டி எழுப்பி, இந்தா என் கால் இங்கதான் இருக்குன்னு காட்டற."

"அவங்க தூங்கல அண்ணே. கணக்கர்கிட்ட பேசினேன். ஒவ்வொரு பில்லுக்கும் எழுதி வச்சிருக்காங்க. அவங்க எழுதி வச்சிருக்கிறதுக்கு எதிரா, ஒரு நாள்கூடத் தவறலன்னு நாம எழுதினா, மிச்ச வரியை எவன் நம்புவான்?"

"கெஞ்சற மாதிரி இருக்கு."

"எங்க கெஞ்சியிருக்கு, காட்டு."

அவன் திரும்பவும் படித்தான். காட்ட முடியவில்லை, அது அவனை இன்னும் எரிச்சலாக்கியது. "நான் மொதலாளி. என் பேர்ல போற மெயில். நான் எழுதினதையே அனுப்பு" என்று மவுசைத் தன் பக்கம் இழுத்தான். பழைய மெயிலைத் திறந்தான். அம்புக்குறி அனுப்பு என்ற பொத்தானுக்கு மேலே போய் நின்றது.

இருபது வருடமாக அவனிடம் ஏறுக்கு மாறாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா போனபிறகு அவளைப் படிக்க வைத்தவன், கல்யாணம் செய்து வைத்தவன். அந்த நன்றி அவளுக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் பேசினாள்.

"அண்ணே, பேரு உன்னோடது. பத்திரம் என்னோடது. நீ அத அனுப்பினா, இன்னிக்குச் சாயந்திரம் நான் வீட்டுக்குப் போய் என் பொண்ணுகிட்ட என்ன சொல்லணும்னு அதையும் நீயே எழுதிக் குடுத்துடு."

அவன் கை மவுசின் மேலேயே இருந்தது. பிறகு அவன் கையை எடுத்தான்.

"என்னமோ பண்ணு. வரலன்னா அப்புறம் என்னச் சொல்லாத" என்று வெளியே போனான். கதவை அறையவில்லை. அதற்காகவே அவளுக்கு அழுகை வந்தது.

அனுப்பிவிட்டாள்.

அன்று சாயந்திரம்வரை பதில் இல்லை. மறுநாள் காலையிலும் இல்லை. அண்ணன் அவள் அறைப் பக்கமே வரவில்லை, ஆனால் கண்ணாடி வழியாக அரைமணிக்கொரு தரம் எட்டிப் பார்த்தான். அவள் சோப்புக் கம்பெனிக்கு, மன்னிக்கவும், இப்போது எங்களால் முடியாது என்று ஒரு பதிலை எழுதி வைத்துக்கொண்டாள். எழுதும்போதே வீட்டுச் சமையலறை ஜன்னல் ஞாபகம் வந்தது. ஏன் அந்த ஜன்னல் என்று தெரியவில்லை.

மதியம் நெருங்கும்போது போன் வந்தது. கறார் மருமகள்தான்.

"மெயில் படிச்சேன். உங்க அண்ணன் இருக்காரா? அவரும் கேக்கட்டும்."

அண்ணன் வந்தான். உட்காரவில்லை. அவள் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சார், சனிக்கிழமை கணக்கு நீங்க கொண்டு வந்ததா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். பிறகு, "ஆமா" என்றான்.

"கேட்டுத் தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். நான் பொறுப்புக்கு வந்ததும் பாத்த மொத விஷயம் அதுதான். மாமாகிட்ட, இவங்க இப்படி லேட்டாக் கட்டறாங்களே, ஏன் கேக்கலன்னு கேட்டேன். மாமா சிரிச்சார். கேட்டா சண்ட வரும்மா, அதனால விலையில போட்டுட்டேன்னார்."

"விலையிலன்னா?" என்று அவள் கேட்டாள்.

"மத்தவங்களுக்குக் குடுக்கற விலையவிட உங்களுக்கு நூத்துக்கு ஒண்ணரை கூட. எட்டு வருஷமா. நீங்க லேட்டாக் கட்டற நாளுக்கு, நாங்க அலையற அலைச்சலுக்கு."

அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். வட்டியில்லாத கடன் என்று அவன் மார்தட்டிய கடனுக்கு மாதாமாதம் வட்டி போயிருக்கிறது, அதுவும் அவன் கையாலேயே. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை எட்டு வருடம் தவறாமல், சனிக்கிழமை சனிக்கிழமையாக வைத்திருக்கிறார்கள்.

"இத நான் இப்பச் சொல்லணும்னு இல்ல" என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். "நீங்க உங்க பக்கத்தச் சொன்னீங்க, அதனால நானும் எங்க பக்கத்தச் சொல்றேன். மூணு மாசப் பட்டியல் முன்னாடியே குடுத்தா மில்லுல எனக்கும் நாள் கேக்க முடியும். நாப்பத்தஞ்சு சரி. ஆனா பாக்கி ரெண்டு லோடுதான், மூணு முடியாது. மூணாவது வேணும்னா மொத லோடுக்குப் பணம் வந்துடணும். ஒரு தவண தவறினா பதினஞ்சுதான். மூணு மாசம் தேதி தவறாம இருந்தா அந்த ஒண்ணரைய எடுத்துடறேன். ஒத்துக்கறீங்களா?"

ரெண்டு லோடு. அவள் தாளில் வேகமாகக் கூட்டிக் கழித்தாள். லோடைச் சின்னதாக்கி, முதல் மாதம் மெதுவாக ஓட்டினால் இடிக்காது. இறுக்கம்தான், ஆனால் ஓடும்.

"ஒத்துக்கறோம்" என்றாள்.

"ஒரு விஷயம். பில் தேதிதான் கணக்குன்னு உங்க அண்ணன் பேர்ல, அவரே எழுதி ஒரு மெயில் வரணும். உங்க எழுத்து எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு அவர் எழுதினது வேணும்."

போன் வைக்கப்பட்டது. அவள் எழுதி வைத்திருந்த மன்னிப்பை அழித்துவிட்டு, சோப்புக் கம்பெனிக்குச் சரி என்று எழுதி அனுப்பினாள். திரும்பிப் பார்த்தபோது அண்ணன் மேஜையிலிருந்த கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு வருடத்துக்கு வாங்கிய அட்டை, அதில் நூற்றுக்கு ஒன்றரை, பெருக்கல் எட்டு. வந்த தொகையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கால்குலேட்டரை அவள் பக்கம் திருப்பவில்லை. திருப்பத் தேவையும் இல்லை. போனில் ஒன்றரை என்று கேட்ட உடனேயே அவள் மனக்கணக்காகப் போட்டுவிட்டாள். வீட்டை வைத்து வாங்கிய கடனில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

அவளுக்கு ஆத்திரம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பணம் கையில் இருந்திருந்தால் புருஷன் பேனாவைத் திறந்திருக்கவே வேண்டாம். கேட்கலாம்தான். கேட்டால் அவன் என்ன செய்வான்? கத்துவான், இல்லாவிட்டால் அழுவான். ரெண்டையும் பார்க்க அவளுக்கு இப்போது தெம்பில்லை.

அண்ணன் எழுந்து அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். "கொஞ்சம் நகரு" என்றான். உட்கார்ந்து ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினான். வெகு நேரம் எழுதினான், அழித்தான், எழுதினான். முடித்துவிட்டுக் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினான்.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாரு."

"எழுத்துப்பிழையா?"

"இல்ல. கோவமா இருக்கான்னு பாரு."

அவள் திரையைப் பார்த்தாள். வணக்கத்துக்குக் கீழே ரெண்டே வரி. பில் தேதிதான் எங்கள் தேதி என்பது ஒன்று. எட்டு வருடமாகத் தவறாக எண்ணியது நான், என் தங்கை அல்ல என்பது இன்னொன்று.

"கோவமா இல்ல அண்ணே" என்றாள். ஒரு எழுத்தையும் மாற்றாமல் அனுப்பினாள்.